ரசீது எண் 41: இரண்டாம் தவணை ரூ. 3,46,920 வரவு, மீதி விவரத்துடன்

சேலம்
15.10.2025

திரு. ப. முத்துசாமி அய்யா அவர்களுக்கு,
கோழித்தீவனக் கிடங்கு, நாமக்கல்

வணக்கம். கிடங்கு ஷெட் வேலையின் இரண்டாம் தவணைக்கு நீங்கள் அனுப்பிய பணம் நேற்று 14.10.2025 அன்று கணக்கில் வரவாகிவிட்டது. இரண்டு பகுதியாக வந்திருக்கிறது: ஆர்.டி.ஜி.எஸ். மூலம் ரூ. 2,00,000 (யு.டி.ஆர். எண்ணின் கடைசி ஆறு இலக்கம் 118402), நெஃப்ட் மூலம் ரூ. 1,46,920 (கடைசி ஆறு இலக்கம் 730956). இரண்டையும் சேர்த்து ஒரே ரசீதாகப் போட்டிருக்கிறேன். தவணைப் பணத்தைச் சொன்ன நாளில் அனுப்பியதற்கு மிக்க நன்றி. அதனால்தான் கலர் ஷீட்டுக்கான பணத்தை நேற்று மாலையே கட்ட முடிந்தது.

ரசீது

எண்: 41
தேதி: 14.10.2025
பெற்றுக்கொண்டவர்: கு. செல்வராஜ், ஷெட் ரூஃபிங் காண்ட்ராக்டர், சேலம்
கொடுத்தவர்: ப. முத்துசாமி, நாமக்கல்
தொகை: ரூ. 3,46,920 (மூன்று லட்சத்து நாற்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ரூபாய் மட்டும்)
வகை: வங்கி வழியாக, ரூ. 2,00,000 + ரூ. 1,46,920
எதற்காக: 60 அடிக்கு 50 அடி கிடங்கு ஷெட், ட்ரஸ் ஏற்றி பர்லின் வெல்டிங் முடிந்த நிலைக்கான ரன்னிங் பில் எண் 27, தேதி 10.10.2025
பில் தொகை: ரூ. 3,00,000 + ஜி.எஸ்.டி. 18% ரூ. 54,000 = ரூ. 3,54,000
டி.டி.எஸ். 1%: ரூ. 3,000
இந்தப் பில்லில் மீதி: ரூ. 4,080

ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட அசல் ரசீது இன்று பதிவுத் தபாலில் வருகிறது.

இந்த ரூ. 4,080 எப்படி வந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பணத்தைக் குறைத்து அனுப்பிவிட்டீர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். டி.டி.எஸ். கணக்கில்தான் வித்தியாசம். உங்கள் ஆடிட்டர் ஆபீசில் இந்த முறை ரூ. 7,080 பிடித்திருக்கிறார்கள். அது ரூ. 3,54,000-க்கு 2 சதவீதம். இதில் இரண்டு இடத்தில் திருத்தம் வேண்டும்.

முதலாவது, விகிதம். பிரிவு 194சி-யில் காண்ட்ராக்டர் தனிநபராக இருந்தால் 1%, பார்ட்னர்ஷிப்பாகவோ கம்பெனியாகவோ இருந்தால் 2%. என்னுடைய தொழில் என் சொந்தப் பெயரில் நடக்கிறது. பில்லில் உள்ள பான் எண்ணில் நான்காவது எழுத்து 'பி' என்று இருக்கும். அது தனிநபரைக் குறிக்கும். பார்ட்னர்ஷிப்பாக இருந்தால் அந்த இடத்தில் 'எஃப்' வரும்.

இரண்டாவது, எந்தத் தொகையின் மேல் பிடிப்பது என்பது. பில்லில் ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டியிருந்தால், ஜி.எஸ்.டி. நீங்கலான தொகைக்கு மட்டும்தான் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். நேரடி வரிகள் வாரியத்தின் 2017-ஆம் ஆண்டு 23-ஆம் எண் சுற்றறிக்கையில் இது இருக்கிறது. அதன்படி ரூ. 3,00,000-க்கு 1 சதவீதம், ரூ. 3,000. செப்டம்பரில் முன்பணம் கொடுத்தபோது இதே முறையில் ரூ. 3,000 மட்டும் சரியாகப் பிடித்து ரூ. 3,51,000 அனுப்பியிருந்தீர்கள். ஆடிட்டரிடம் அந்தக் கணக்கை எடுத்துக் காட்டினாலே போதும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். அக்டோபரில் பிடித்த டி.டி.எஸ்.ஸை அரசுக்குக் கட்ட நவம்பர் 7 வரை நேரம் இருக்கிறது. இன்னும் கட்டவில்லை என்றால், சலானில் ரூ. 3,000 மட்டும் கட்டிவிட்டு ரூ. 4,080-ஐ எனக்கு அனுப்பிவிடுங்கள். ரூ. 7,080-ஐ ஏற்கெனவே கட்டியிருந்தால் சலானைத் திருத்த அலைய வேண்டாம். அந்த முழுத் தொகையும் என் பான் எண்ணில் 26ஏ.எஸ்.-இல் வந்துவிடும்; நான் ரிட்டர்னில் எடுத்துக்கொள்கிறேன், ரூ. 4,080 மீதி என்பதும் நீங்கிவிடும். எது என்று மட்டும் இந்த மாதக் கடைசிக்குள் ஒரு வரி சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றால்தான் சிக்கல்: உங்கள் புத்தகத்தில் ரூ. 7,080 என்றும் என் புத்தகத்தில் ரூ. 3,000 என்றும் இருக்கும், 26ஏ.எஸ்.-இல் ஒத்துப்போகாமல் இரண்டு பேருக்கும் கேள்வி வரும்.

இனி வேலை முழுமைக்குமான கணக்கு.

ஒப்பந்தம்: 3,000 சதுர அடி, சதுர அடிக்கு ரூ. 250: ரூ. 7,50,000
கூடுதலாக நீங்கள் கேட்ட டர்போ வென்டிலேட்டர் 4, ஒன்றுக்கு ரூ. 4,500: ரூ. 18,000
ஜி.எஸ்.டி. 18%: ரூ. 1,38,240
மொத்தம்: ரூ. 9,06,240
வங்கியில் வந்தது: முன்பணம் ரூ. 3,51,000 + இப்போது ரூ. 3,46,920 = ரூ. 6,97,920
டி.டி.எஸ். (சரியான கணக்கில்): ரூ. 6,000
மீதி: ரூ. 2,02,320

இந்த மீதியில் ரூ. 4,080 மட்டும்தான் இப்போது நிலுவை. மற்ற ரூ. 1,98,240 கடைசித் தவணையும் வென்டிலேட்டரும் சேர்ந்தது. ஷீட், ரிட்ஜ், கட்டர், மழைநீர்க் குழாய் எல்லாம் முடிந்து ஒப்படைத்த ஏழு நாளுக்குள் கொடுத்தால் போதும். அதில் டி.டி.எஸ். ரூ. 1,680 கழித்து வங்கியில் வர வேண்டியது ரூ. 1,96,560. முன்பணத்துக்கான ஜி.எஸ்.டி.யை செப்டம்பர் மாதக் கணக்கிலேயே கட்டியாகிவிட்டது, கடைசி பில்லில் அது மறுபடி வராது.

பரப்பளவைப் பற்றி உங்கள் மகன் போனில் கேட்டிருந்தார். தரையில் அளந்த 60 அடிக்கு 50 அடிதான் கணக்கு. கூரைச் சரிவில் ஷீட்டை அளந்தால் சதுர அடி கூடும். அந்த அளவில் பில் போட மாட்டோம்.

கடைசித் தவணையை ரொக்கமாகத் தரலாமா என்றும் தம்பி கேட்டார். வேண்டாம் அய்யா. ஷெட் உங்கள் தொழிலின் சொத்து. ஒரே நாளில் ஒருவருக்கு ரூ. 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை சொத்தின் விலையில் சேராது, அதற்குத் தேய்மானமும் கிடைக்காது. இந்த வேலையையே பல தவணையாகப் பிரித்து ரொக்கமாக வாங்கினாலும், மொத்தம் ரூ. 2 லட்சத்தைத் தொட்டால் வாங்குகிற எனக்கு 269எஸ்.டி. பிரிவில் அபராதம். வங்கி வழியே போனால் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. அனுப்பும்போது விவரம் எழுதும் இடத்தில் பில் எண்ணைப் போடச் சொல்லுங்கள். நேற்று இரண்டாவது வரவில் விவரம் எதுவும் இல்லை. தொகையைக் கூட்டிப் பார்த்துத்தான் உங்களுடையது என்று உறுதி செய்தோம்.

ஷீட் லோடு 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இறங்கும். தீபாவளிக்கு ஆட்கள் 18 மாலை ஊருக்குப் போய் 24 காலை திரும்புவார்கள், அன்றே ஷீட் ஏற்ற ஆரம்பிப்போம். இடையில் மழை வந்தால் கட்டுக்குள் தண்ணீர் இறங்கி நிற்கக்கூடாது. நின்றால் ஷீட்டில் வெள்ளைக் கறை பிடிக்கும். மரக்கட்டை மேல் ஒரு பக்கம் சாய்வாக அடுக்கித் தார்ப்பாய் போட்டுவிட்டுப் போகிறோம். வாட்ச்மேனிடம் தார்ப்பாய் பறக்காமல் ஒரு கண் வைக்கச் சொல்லுங்கள்.

டி.டி.எஸ். சான்று 16ஏ-வில் செப்டம்பர் மாதத்துக்கு உரியது நவம்பர் 15-க்குள்ளும், இந்தத் தவணைக்கு உரியது பிப்ரவரி 15-க்குள்ளும் வர வேண்டும். ஆடிட்டரிடம் நினைவுபடுத்திவிடுங்கள்.

இணைப்பு: ரசீது எண் 41, ரன்னிங் பில் எண் 27 நகல், இதுவரையிலான வரவு விவரம்.

அன்புடன்,
கு. செல்வராஜ்