ஆய்வின் நோக்கங்கள்: நெருங்கிய உறவுச் சமூகம் ஒன்றில் காணப்படும் சிறுமூளைத் தள்ளாட்ட நோயின் மரபணுக் காரணம்

பல தலைமுறைகளாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்துவரும் ஒரு சிறிய சமூகத்தில், 4 குடும்பங்களைச் சேர்ந்த 7 குழந்தைகளுக்கு ஒரேவிதமான நோய் உள்ளது. நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளை நான்கைந்து வயதில் காலை அகட்டித் தள்ளாடி நடக்கிறது. டம்ளரை எடுக்க நீட்டிய கை, அதை நெருங்க நெருங்க அதிகமாக நடுங்குகிறது. பத்து வயதுக்குள் காதும் மந்தமாகிவிடுகிறது. ஆண், பெண் இருபாலருக்கும் வருகிறது. பெற்றோர் எவருக்கும் இல்லை. இதே தள்ளாட்டத்தைத் தரக்கூடியது, சிகிச்சைக்கும் வழி உண்டு என்பதால் வைட்டமின் ஈ குறைபாட்டைத்தான் முதலில் சோதித்தோம். அளவு இயல்பாக இருந்தது. பரம்பரைத் தள்ளாட்ட நோய்களில் ஒன்றான ஃபிரெட்ரிக் அட்டாக்சியாவும் இல்லை என்று உறுதியாகிவிட்டது. பொது மூதாதையர் ஒருவரிடமிருந்து வந்த ஒரே சடுதிமாற்றம், தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே நோய் தரும் ஒடுங்கு மரபுவழியில் இந்நோயை உண்டாக்குகிறது என்பது எங்கள் கருதுகோள்.

நோக்கம் 1: காரணமான மரபணுவைக் கண்டறிதல்

குரோமோசோமின் இரு பிரதிகளும் அப்படியே ஒத்திருக்கும் நீண்ட பகுதிகளை 7 குழந்தைகளிடமும் தேடுவோம். பெற்றோர் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்றாலே குழந்தையின் மரபணுத்தொகுதியில் சராசரியாக 16-ல் ஒரு பங்கு இப்படி அமையும். பல தலைமுறை நெருக்கம் சேர்ந்தால் இன்னும் கூடும். ஆகவே ஒரு குழந்தையை மட்டும் பார்த்தால் சந்தேகத்துக்குரிய இடங்கள் ஏராளமாக இருக்கும். நான்கு குடும்பங்களுக்கும் பொதுவான துண்டைப் பார்க்கும்போதுதான் தேடும் பரப்பு சுருங்கும். நோய் தொடங்கும் வயதைக் கடந்துவிட்ட, நோயற்ற உடன்பிறந்தோரின் இரத்த மாதிரியும் எங்களுக்கு அதே அளவு முக்கியம்: அவர்களிடமும் இரு பிரதிகளாக உள்ள மாற்றத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

அந்தத் துண்டுக்குள், புரதங்களுக்கான பகுதிகளை மட்டும் படிக்கும் எக்சோம் வரிசைப்படுத்தல் எதையும் காட்டாவிட்டால், ஒரு குடும்பத்துக்கு மட்டும் முழு மரபணுத்தொகுதியையும் வரிசைப்படுத்துவோம். ஏதேனும் ஒரு குடும்பம் பொருந்தாமல் போனால் அதை வலிந்து பொருத்த மாட்டோம். சிறிய சமூகங்களிலும் ஒரே தோற்றமுள்ள நோய்க்கு இரு வேறு மரபணுக்கள் காரணமாக இருப்பதுண்டு.

நோக்கம் 2: கடத்திகளின் விகிதத்தை அளத்தல்

கண்டறிந்த மாற்றம் பொதுத் தரவுத்தளங்களில் இல்லை என்பது மட்டும் சான்றாகாது. இச்சமூகத்தில் மட்டும் பரவிய தீங்கற்ற மாற்றமாகவும் அது இருக்கலாம். எனவே இதே சமூகத்தைச் சேர்ந்த, நோயற்ற 200 பெரியவர்களில் எத்தனை பேர் அதை ஒரு பிரதியில் மட்டும் சுமக்கும் கடத்திகள் என்று நேரடியாகச் சோதிப்போம். நோயுற்றோர் எண்ணிக்கையை வைத்து, திருமணங்கள் உறவு பாராமல் நடப்பதாகக் கொள்ளும் ஹார்டி–வெயின்பெர்க் சூத்திரத்தால் கணக்கிட மாட்டோம். சொந்தத் திருமணங்களால் நோயுற்றோர் கூடுவதால், அந்தக் கணக்கு கடத்திகளை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும்.

நோக்கம் 3: முடிவுகளைக் குடும்பங்களிடம் சேர்த்தல்

பெற்றோர் இருவரும் கடத்திகள் என்றால் ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு என்பதை, மரபியல் ஆலோசகர் அவர்கள் மொழியில் நேரில் விளக்குவார். கடத்தியா இல்லையா என்ற முடிவு, அதைக் கேட்டவருக்கு மட்டும் தனியாகச் சொல்லப்படும். பெண் பார்க்க வரும் வீட்டாருக்கோ சமூகத் தலைவர்களுக்கோ தரப்படாது. இவ்வளவு சிறிய சமூகத்தில் வம்சாவளி வரைபடமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வெளியிடும் கட்டுரையில் சமூகத்தின் பெயரும் முழு வரைபடமும் இடம்பெறா.