வாஷிங் மெஷின் போடும்போது பார்க்க வேண்டியவை – அக்காவுக்கு

அக்கா, திங்கட்கிழமையிலிருந்து நான் காலை ஏழரைக்கே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவேன், வீட்டில் ஆச்சியும் பாப்பாவும்தான் இருப்பார்கள். ஆச்சிக்கு மெஷின் பழக்கம் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் எழுதி மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன், உங்கள் போனுக்கும் அனுப்பியிருக்கிறேன். வரிசையாகப் பார்த்துப் பண்ணுங்கள், அவசரமே இல்லை. நடுவில் சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டு போன் அடியுங்கள், நான் வகுப்பில் இருந்து எடுக்க முடியாமல் போனால் துணி அப்படியே கிடக்கட்டும், சாயந்தரம் வந்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

பட்டன்களில் எல்லாம் ஆங்கிலம்தான். அதனால் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன்: சிவப்புப் பொட்டு Power, பச்சைப் பொட்டு Start/Pause. மற்ற பட்டன்களைத் தொட வேண்டியதே இல்லை, Normal-இல்தான் எப்போதும் நிற்கும்.

துணி பிரிக்கும்போது

☐ முதலில் பையைத் துழாவுங்கள். அவர் சட்டைப் பையில் பேனா, சில்லறை, சில நேரம் திருநீற்றுப் பொட்டலம்கூட இருக்கும். சேலை, நைட்டியில் ஊக்கு குத்தியிருந்தால் கழற்றிவிடுங்கள், ஒரு சின்ன ஊக்கு போதும், உள்ளே இருக்கிற நல்ல துணியெல்லாம் கிழியும்.

☐ மூன்று குவியல்: தாத்தாவின் வேட்டி, வெள்ளைத் துண்டு, பனியன், யூனிபார்ம் சட்டை ஒன்று; கலர் துணி ஒன்று; கால்மிதி, அடுப்படித் துணி ஒன்று. மூன்றாவதை மற்ற இரண்டோடு எப்போதும் சேர்க்காதீர்கள்.

☐ புதுச் சேலை, சுங்கடி, புதுக் கைலி வந்தால் ஓரத்தை நனைத்து ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாக வாளியில் கையால் அலசிவிடுங்கள். பட்டு, ஜரிகை வைத்தது எதுவும் மெஷினுக்கு வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

☐ தோட்டத்துக்குப் போய்விட்டு வருகிற நாளில் தாத்தா வேட்டியில் வாழைக்கறை இருக்கும். அது லேசில் போகாது, அதற்காகக் கூடுதல் பவுடர் போட வேண்டாம், தனியாக எடுத்து வையுங்கள். மஞ்சள் கறை, எண்ணெய்ப் பிசுக்குத் தலையணை உறை இரண்டையும் சோப்புப் போட்டு அரைமணி நேரம் ஊறவைத்து, பிழிந்துவிட்டுப் போடுங்கள்.

☐ பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் பட்ட துணியை மெஷினுக்குள் போடவே கூடாது. அந்த ஆவிக்கு மோட்டார் பக்கத்திலிருந்து ஒரு பொறி போதும், தீப்பிடித்துவிடும். வாசம் அடித்தால் வெளியே கொடியில் விரித்துப் போட்டுவிட்டு என்னிடம் சொல்லுங்கள்.

☐ டிரம்மை அமுக்கி நிரப்ப வேண்டாம், மேலே ஒரு சாண் காலியாக இருக்கட்டும். போர்வை என்றால் இரண்டு, அதையும் சுருட்டாமல் சுற்றிலும் பரப்பிப் போடுங்கள். ஒரே பக்கமாகக் குவிந்தால் பிழியும்போது மெஷின் தடதடவென்று ஆடி UE என்று காட்டி நிற்கும். பச்சைப் பொட்டை அழுத்தி, டிரம் சுற்றுவது முழுக்க நின்ற பிறகு மூடியைத் திறந்து பரப்பிவிடுங்கள்.

பவுடர் அளவு

அக்கா, நிறையப் போட்டால் நன்றாக வெளுக்கும் என்று தோன்றும், உண்மை அது இல்லை. மிச்சப் பவுடர் துணியிலேயே தங்கி வெள்ளை வெள்ளையாகத் திட்டுப்படும், பாப்பாவுக்கு உடம்பு அரிக்கும்.

☐ டப்பாவில் கிடக்கிற நீலக் கரண்டிதான் கணக்கு. முக்கால் டிரம் துணிக்குத் தலை தட்டி ஒரு கரண்டி, பாதி டிரம்முக்கு அரைக் கரண்டி. கால்மிதி, அடுப்படித் துணிக்கு மட்டும் ஒன்றரை.

☐ கார்ப்பரேஷன் தண்ணீர் டேங்கில் இருக்கிற நாளில் இதே அளவு போதும். தாமிரபரணித் தண்ணீரில் நுரை தானாக வரும். அது வராமல் போர் தண்ணீர் ஏற்றின நாளில் உப்பு நுரையை அடக்கிவிடும், அன்றைக்கு மட்டும் கால் கரண்டி கூட்டலாம். நுரை வரவில்லையே என்று அதற்கு மேல் கூட்டாதீர்கள்.

☐ கையால் துவைக்கிற பவுடரை மெஷினில் போட வேண்டாம், நுரை பொங்கி வெளியே வழியும். சிவப்பு மூடி டப்பாதான் மெஷினுக்கு.

☐ வாசனைத் திரவம் ஓரத்தில் இருக்கிற சின்னக் குழியில், மூடியில் பாதி. துண்டுக்கு வேண்டாம், ஊற்றினால் ஈரம் உறிஞ்சாது.

☐ பிளீச்சிங்கை பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டோடு எந்தக் காரணத்துக்கும் சேர்க்காதீர்கள், விஷப்புகை வரும். டப்பாக்களை வேலை முடிந்ததும் மேல் தட்டில் வைத்துவிடுங்கள், பாப்பா எல்லாவற்றையும் வாயில் வைக்கிறாள்.

போடும்போது

☐ கைகளைத் துடைத்து, ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். குழாயைத் திறந்தாச்சா, கழிவுத் தண்ணீர்க் குழாய் ஓட்டைக்குள் இருக்கிறதா என்று ஒரு பார்வை. IE என்று காட்டினால் தண்ணீர் வரவில்லை என்று அர்த்தம், டேங்க் காலியா, குழாய் மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

☐ பிளக்கைச் சுவரில் இருக்கிற பெரிய பாயிண்டில் மட்டும்தான் சொருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வேண்டாம், சூடேறி உருகிவிடும்.

அணைக்கும்போது

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன் அக்கா. துணி கிழிந்தாலும் சாயம் ஏறினாலும் பரவாயில்லை, வேறு வாங்கிக்கொள்ளலாம். உங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

☐ சத்தம் கொடுத்து நின்றதும் உடனே மூடியைத் தூக்க வேண்டாம். டிரம் அசையாமல் நிற்கட்டும். சுற்றுகிற டிரம்முக்குள் கை விட்டால் துணி கையைச் சுற்றி இழுத்துவிடும்.

☐ வரிசை இதுதான்: சிவப்புப் பொட்டு, அப்புறம் சுவர் சுவிட்ச், அப்புறம் பிளக், கடைசியில் தண்ணீர்க் குழாய். இதெல்லாம் முடிந்த பிறகுதான் துணியை எடுக்க வேண்டும், ஏனென்றால் துணியைத் தொட்டதும் கை ஈரமாகிவிடும். பிளக்கின் தலையைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

☐ பாதியில் கரண்ட் போனாலும் இதே வரிசைதான். திரும்ப வந்ததும் வோல்டேஜ் ஏறி இறங்கும், பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் அடித்தால் அன்றைக்கு மெஷினே வேண்டாம், பிளக் வெளியிலேயே இருக்கட்டும்.

☐ மெஷினைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருந்தாலோ, கருகல் வாசம், புகை வந்தாலோ, சுவிட்சுக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்கியிருந்தாலோ மெஷினையும் அந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். ஹாலில் கதவுக்குப் பின்னால் இருக்கிற மெயினைக் கீழே தட்டிவிடுங்கள், அதிலும் பச்சைப் பொட்டு ஒட்டியிருக்கிறேன். புகை என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆச்சியையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து போன் அடியுங்கள். மெயின் தானாக விழுந்தாலும் திரும்பத் தூக்கிவிட வேண்டாம், எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கட்டும்.

☐ யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் தொட்டு இழுக்கக் கூடாது. முதலில் மெயின், பிறகு 108. இதை ஆச்சியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்புறம்

☐ துணியைப் பகலிலேயே மாடியில் காயப்போடுங்கள், ஆனி ஆடிக் காற்றில் கிளிப் போடாவிட்டால் பக்கத்து வீட்டு மாடியில் போய்த்தான் பொறுக்க வேண்டும்.

☐ மூடியை அரைமணி நேரம் திறந்து போட்டால் உள்ளே வாடை அடிக்காது, ஆனால் அந்த நேரம் முழுக்கப் பாத்ரூம் கதவு சாத்தியிருக்க வேண்டும், பாப்பா ஏறிவிடுவாள்.

☐ சனிக்கிழமை டிரம்முக்குள் இருக்கிற வலைப்பையைக் கழற்றி, நூலையும் பஞ்சையும் உதறி, பழைய பிரஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். பவுடர் அடிமட்டத்துக்கு வந்தால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், வரும்போது வாங்கி வந்துவிடுகிறேன்.