திடீர்னு படபடப்பு வந்தா

(படிக்கக் கஷ்டமா இருந்தா, வீட்டுல யாரையாவது சத்தமா வாசிக்கச் சொல்லிக் கேளுங்க.)

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்கும். மூச்சு முட்டும், வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், விரல் மரத்துப் போகும். "செத்துடுவேனோ"ன்னு பயம் வரும். இதுக்குப் பேர் பேனிக் அட்டாக்.

நீங்க நடிக்கல. காத்து கருப்பும் அடிக்கல. பைத்தியமும் பிடிக்காது.

ராத்திரி காஞ்ச மட்டை விழுந்தா வீட்டு நாய் திருடன் வந்த மாதிரி குரைக்கும். அது மாதிரிதான் உடம்பும். ஆபத்து இல்லாமலே "ஓடு, ஓடு"ன்னு நெஞ்சை வேகமா அடிக்க வைக்குது. வேகவேகமா மூச்சு வாங்குறதாலதான் விரல் மரத்துப் போகுது. பெரும்பாலும் பத்து நிமிஷத்துல உச்சிக்குப் போகும். அப்புறம் தானா இறங்கிடும்.

வந்தா என்ன செய்யணும்?

இருக்கிற இடத்துலயே உட்காருங்க. மூக்கால மெதுவா மூச்சை இழுங்க: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. வாயால விடுங்க, விளக்கை அணைக்கிற மாதிரி இல்லாம, சூடான டீயை ஊதுற மாதிரி, ஆறு எண்ணுற வரைக்கும். "இது படபடப்பு, இறங்கிடும்"னு சொல்லிக்கிட்டே அஞ்சு நிமிஷம் செய்யுங்க. நல்லா இருக்கும்போதும் தினம் ரெண்டு வேளை பழகுங்க. பழகாம இருந்தா, பயம் வர்ற நேரத்துல எண்ணிக்கை ஞாபகம் வராது.

பயந்து ஒதுங்காதீங்க

தறி வேலைக்குப் போற அம்மா ஒருத்தங்க. பஸ்ல கம்பியைப் பிடிச்சிருந்த கை மரத்துப் போச்சு, அலறி இறங்கிட்டாங்க. இசிஜி நல்லாத்தான் இருந்துச்சு. ஆனாலும் மூணு மாசம் பஸ் ஏறல. ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும். அதனால மக கூட முதல்ல ஒரே ஒரு ஸ்டாப் போனாங்க. படபடப்பு வந்துச்சு, இறங்காம உட்கார்ந்திருந்தாங்க, அடங்கிடுச்சு. அப்புறம் ரெண்டு ஸ்டாப். இப்போ தனியா வேலைக்குப் போறாங்க.

மாத்திரை

டாக்டர் எழுதின மாத்திரை பலன் தர சில வாரம் ஆகும். சரியாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தாதீங்க. மெடிக்கல்ல கேட்டு தூக்க மாத்திரை வாங்கிப் போடவே கூடாது, அது பழக்கமாயிடும். பயத்தை மறக்கக் குடிச்சா, மறுநாள் படபடப்பு கூடும். காபி, டீயைக் குறைங்க.

ரத்தசோகை, தைராய்டு இருந்தாலும் நெஞ்சு படபடக்கும். அதைப் பார்க்கத்தான் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கிறோம்.

இப்படி இருந்தா காத்திருக்காதீங்க, 108க்குக் கூப்பிடுங்க

முதல் தடவை நெஞ்சு வலி வந்தா, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினா, மயங்கி விழுந்தா. சர்க்கரை, பிரஷர், இதய நோய் உள்ளவங்க "படபடப்புதான்"னு நீங்களா முடிவு பண்ணாதீங்க.

மனசு தாங்கலயா, சாகலாம்னு தோணுதா? 14416க்கு போன் போடுங்க. ராத்திரி பகல் எப்பவும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது.

படபடப்பு வந்த நாள்ல வீட்டுக் காலண்டர்ல பேனாவால ஒரு புள்ளி வைங்க. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வரும்போது அந்தத் தாளையும் மாத்திரை அட்டையையும் கொண்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம்.