நோட்டில் என்ன எழுதுவது? ஆசிரியர்களுக்கான அரைநாள் பயிலரங்குத் திட்டம்

சனிக்கிழமை, காலை 9.30 முதல் 1.00 வரை. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை எடுக்கும் 24 ஆசிரியர்கள், நான்கு நான்கு பேராக 6 குழுக்கள். ஒவ்வொருவரும் ஏற்கெனவே திருத்திய 2 நோட்டுகளைக் கொண்டுவர வேண்டும். பிள்ளையின் பெயர் தெரியாதபடி அட்டையில் தாள் ஒட்டிவிடுங்கள்.

9.30 – நம் நோட்டையே பார்ப்போம்
குழுவுக்குள் நோட்டுகளை மாற்றிக்கொண்டு, நாம் எழுதியதை மட்டும் பலகையில் எழுதுகிறோம். ‘நன்று’, ‘முயற்சி தேவை’, ‘பிழைகளைத் தவிர்’, வெறும் டிக், தேதி போட்ட கையெழுத்து. பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இதைப் படித்த பிள்ளை அடுத்து என்ன செய்யும்? பதில் இல்லாதவற்றை அடித்துவிடலாம். இதில் யாரையும் குறை சொல்ல வேண்டாம். 40 நோட்டை ஒரே மாலையில் முடிக்கும்போது எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறோம்.

10.10 – மதிப்பெண்ணும் குறிப்பும்
இஸ்ரேலில் கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வைச் சுருக்கமாகச் சொல்வோம். சில மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கிடைத்தன. முன்னேறியவர்கள் குறிப்பு மட்டும் பெற்றவர்கள். மதிப்பெண்ணையும் சேர்த்துக் கொடுத்தபோது குறிப்பின் பலன் போய்விட்டது. 20 நிமிடம் போதும்.

10.30 – எழுதிப் பார்ப்போம்
இந்த ஒரு மணி நேரம்தான் முக்கியம், அவசரப்படுத்த வேண்டாம். இரண்டு நகல்கள் தருவோம்.

முதலாவது, 7-ஆம் வகுப்பு மாணவி ஊராட்சித் தலைவருக்கு எழுதிய கடிதம். ‘எங்கள் தெருவிலக்கு எரியவில்லை. சரிசெய்து தரவும்.’ அவ்வளவுதான். நம் கை முதலில் ‘விலக்கு’ மேல்தான் போகும். திருத்த வேண்டியதுதான், ஆனால் கடிதத்தின் குறை அதுவல்ல. இப்படி எழுதலாம்: ‘கேட்பதை நேரடியாகக் கேட்டிருக்கிறாய். விளக்கு இல்லாமல் யாருக்கு என்ன சிரமம்? 2 வரி சேர். அப்புறம், விலக்கு, விளக்கு: இரண்டையும் வாக்கியத்தில் அமைத்துப் பார்.’

இரண்டாவது, கணக்கு: 1/2 + 1/3 = 2/5. தவறு என்று அடித்து 5/6 என்று நாமே எழுதிவிட்டால் பிள்ளைக்கு வேலை இல்லை. ‘2/5 பெரியதா, 1/2 பெரியதா? கூட்டிய பிறகு விடை எப்படிக் குறைந்தது?’ என்று கேட்டால் யோசிக்கும்.

ஒவ்வொருவரும் இரண்டுக்கும் சொந்தமாகக் குறிப்பு எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அந்தப் பிள்ளையாக இருந்து, குறிப்பு சொன்னதைச் செய்து பார்ப்பார். புரியவில்லையா, மாற்றி எழுதுங்கள்.

11.30 – தேநீர்

11.45 – பிள்ளை பதில் எழுத நேரம்
நோட்டைத் திருப்பிக் கொடுத்த அன்றே வகுப்பில் 10 நிமிடம் ஒதுக்க வேண்டும். குறிப்புக்குக் கீழேயே பிள்ளை திருத்தி எழுதட்டும். வீட்டுக்குப் போய்ச் செய் என்றால் நடக்காது. கொண்டுவந்த நோட்டில் ஒன்றை எடுத்து, பழைய குறிப்புக்குப் பதிலாகப் புதியதைப் பென்சிலில் எழுதுவோம்.

12.30 – நேரத்துக்கு என்ன செய்வது?
நிச்சயம் வரும் கேள்வி இது. ஒரு நோட்டுக்கு 3 நிமிடம் என்றாலே 40 பேருக்கு 2 மணி நேரம். அதனால் வாரம் 10 பேருக்கு மட்டும் விரிவான குறிப்பு, மற்றவர்களுக்கு வழக்கமான திருத்தம். 4 வாரத்தில் எல்லோரையும் எட்டிவிடலாம். முதல் வாரத்துக்கான 10 பேரை ஒவ்வொருவரும் இங்கேயே எழுதிக்கொண்டு கிளம்ப வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு, பிள்ளை பதில் எழுதிய ஒரு பக்கத்தைக் கொண்டுவாருங்கள்.