செலவு ஒப்புதல்: ஜூன் 1 முதல் புதிய நடைமுறை

கடலூர் முதுநகர் கிடங்கு, புதுச்சேரி அலுவலக நண்பர்களுக்கு,

கைக்காசு போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறீர்கள். போன மாதம் ஓட்டுநர் ஒருவர் கொடுத்த டீசல் பில்லில் எழுத்தே அழிந்திருந்தது. இனி அப்படி வேண்டாம்.

செலவுக்கு முன்பே கோரிக்கைச் சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். 2,000 ரூபாய் வரை மேற்பார்வையாளர் போதும். 15,000 வரை கிளை மேலாளர். அதைத் தாண்டினால் நாங்கள் சரிபார்த்த பிறகு நிர்வாக இயக்குநர். ஒரே செலவை இரண்டு சீட்டாகப் பிரிக்காதீர்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் பொதுவாக வருமான வரிக் கணக்கில் செலவாக ஏற்கமாட்டார்கள். வங்கி வழியாகவே அனுப்புவோம்.

பில்லை அன்றே போட்டோ எடுத்து, மூன்று நாளுக்குள் கொடுங்கள். வெள்ளிக்கிழமை பணம் ஏறிவிடும். நடுவழியில் வண்டி பழுதானால் மேலாளரிடம் போனில் சொன்னாலே சரி, சீட்டு அப்புறம்.

கணக்குப் பிரிவு