தாள் 6: இரண்டு வளைவுகளுக்கு நடுவில் உள்ள பரப்பு, சுழற்சிக் கனஅளவு, டிஸ்க்கா ஷெல்லா

சுங்கை சிப்புட் சனிக்கிழமை வகுப்புக்கு. டிப்ளோமா முதல் வருடப் பிள்ளைகள் மட்டும் முழுவதையும் செய்யுங்கள். எஸ்.பி.எம். எழுதப் போகிறவர்கள் கேள்வி 1, 2, 3 செய்தால் போதும், ஏனென்றால் உங்கள் எட்மேத்ஸில் ஷெல் கிடையாது, டிஸ்க் மட்டும்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் பாதிப் பேர் தாளில் "x அச்சு என்றால் டிஸ்க், y அச்சு என்றால் ஷெல்" என்று ஓரத்தில் எழுதி வைத்திருந்தீர்கள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது, அதை அழித்துவிடுங்கள். அச்சு மட்டும் முறையை முடிவு செய்யாது. படத்தை வரைந்து, பட்டையை நிமிர்த்தி வெட்டினால் சுலபமா, படுக்கப்போட்டு வெட்டினால் சுலபமா என்று முதலில் பாருங்கள். அப்புறம்தான் அச்சைப் பார்க்க வேண்டும். பட்டை அச்சுக்குச் செங்குத்தாக நின்றால் அது சுழலும்போது தட்டாகும், அது டிஸ்க் (நடுவில் ஓட்டை இருந்தால் வாஷர்). பட்டை அச்சுக்கு இணையாக நின்றால் அது ஷெல்.

கேள்வி 1. y = 4x − x², y = x இரண்டுக்கும் நடுவில் உள்ள பரப்பு.

சமப்படுத்தினால் 4x − x² = x, ஆக x = 0, x = 3. நடுவில் x = 1 போட்டுப் பாருங்கள்: வளைவு 3, கோடு 1. வளைவுதான் மேலே.

A = ∫₀³ (3x − x²) dx = 27/2 − 9 = 9/2

எது மேலே என்று ஒரு புள்ளியில் போட்டுப் பார்ப்பதற்குப் பத்து விநாடிகூட ஆகாது, ஆனால் பாதிப் பேர் செய்வதில்லை. பரப்பு மைனஸில் வந்தால் குறியை மட்டும் மாற்றி எழுதிவிட்டுப் போகிறார்கள், அது எனக்குத் தெரியாது என்று வேறு நினைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி 2. x = y², x = y + 2 இரண்டுக்கும் நடுவில்.

இதை dx-இல் செய்தால் x = 1 வந்ததும் கீழ் எல்லை மாறிவிடும்: 0 முதல் 1 வரை −√x, அப்புறம் 1 முதல் 4 வரை x − 2. இரண்டு தொகையீடு ஆகும். படுக்கைப் பட்டையாக வெட்டினால் வலப்பக்கம் எப்போதும் கோடு, இடப்பக்கம் எப்போதும் வளைவு, ஒரே வரியில் முடியும்:

A = ∫₋₁² (y + 2 − y²) dy = 10/3 − (−7/6) = 9/2

கேள்வி 1-க்கும் இதற்கும் ஒரே விடை வருவது தற்செயல் இல்லை. பரவளைவும் நேர்கோடும் சேர்ந்தால், வர்க்க உறுப்பின் கெழு 1 (அல்லது −1) ஆக இருக்கும்போது, பரப்பு (எல்லைகளின் வித்தியாசம்)³ ÷ 6. இரண்டிலும் வித்தியாசம் 3, ஆக 27/6. சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வழிமுறையைக் காட்டாமல் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

கேள்வி 3. கேள்வி 1-இன் பகுதியை x அச்சைச் சுற்றிச் சுழற்றுக.

நிமிர்ந்த பட்டை, அச்சு படுக்கை, செங்குத்து. ஆக வாஷர்.

V = π∫₀³ [(4x − x²)² − x²] dx = π∫₀³ (15x² − 8x³ + x⁴) dx = π(135 − 162 + 243/5) = 108π/5

இங்கேதான் வழக்கமாக விழுகிறீர்கள்: கழித்துவிட்டு வர்க்கம் போடுகிறீர்கள். (3x − x²)² என்று போட்டால் 81π/10 வரும். உங்கள் விடை அதுவாக இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், தவறு அந்த வரியில்தான். வெளி ஆரத்துக்கு ஒரு வர்க்கம், உள் ஆரத்துக்கு ஒரு வர்க்கம், அப்புறம் கழித்தல்.

கேள்வி 4. அதே பகுதியை y அச்சைச் சுற்றி.

பட்டை நிமிர்ந்தே நிற்கட்டும், இப்போது அச்சும் நிமிர்ந்து நிற்கிறது. இணை, ஆக ஷெல். மைலோ டின்னின் மேல்மூடியையும் அடியையும் எடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு கோடு கத்தரித்து விரித்தால் செவ்வகத் தகடு கிடைக்கும் அல்லவா, அதன் நீளம் 2πx, உயரம் (மேல் − கீழ்), கனம் dx. சூத்திரம் அவ்வளவுதான், மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை.

V = 2π∫₀³ x(3x − x²) dx = 2π(27 − 81/4) = 27π/2

வாஷரில் செய்ய முடியாதா என்று பின்வரிசையில் ஒரு தங்கச்சி கேட்டது. முடியும், ஆனால் பாருங்கள்: x = 2 ± √(4 − y) என்று திருப்பி எழுதி, y = 0 முதல் 3 வரை ஒரு தொகையீடு (வெளியே கோடு, உள்ளே வளைவின் இடப்பாதி), 3 முதல் 4 வரை இன்னொன்று (வெளியே வலப்பாதி, உள்ளே இடப்பாதி). முதலாவது 49π/6, இரண்டாவது 16π/3, கூட்டினால் 27π/2. விடை அதேதான், அரைப் பக்கம் கூடுதல் வேலை.

கேள்வி 5. கேள்வி 2-இன் பகுதியை y அச்சைச் சுற்றி.

ஓரத்தில் எழுதிவைத்த அந்த விதி உடைவது இங்கேதான். மறுபடியும் y அச்சு, ஆனால் இங்கே பட்டை படுக்கை, அச்சு நிமிர்ந்தது, ஆக வாஷர்.

V = π∫₋₁² [(y + 2)² − y⁴] dy = π(21 − 33/5) = 72π/5

ஷெல்லில் செய்தால் x = 1-இல் மறுபடி இரண்டாகப் பிரிய வேண்டும்.

கேள்வி 6. அதே பகுதியை x அச்சைச் சுற்றி.

ஜாக்கிரதை. பகுதி அச்சின் இரு பக்கமும் இருக்கிறது. y = −1 முதல் 0 வரையுள்ள கீழ்த்துண்டை மேலே மடக்கினால் அது x = y² முதல் x = 2 − y வரை வரும், மேல்துண்டோ y + 2 வரை நீள்கிறது. கீழ்த்துண்டு முழுக்க மேல்துண்டுக்குள் அடங்கிவிடும். அது புதிதாக இடம் எதையும் நிரப்பாது, அதனால் எண்ண வேண்டாம். மேல்துண்டை மட்டும் ஷெல்லில்:

V = 2π∫₀² y(y + 2 − y²) dy = 2π(8/3 + 4 − 4) = 16π/3

எல்லையை −1-இலிருந்து ஆரம்பித்தால் y மைனஸ் ஆகும், ஆரம் மைனஸ் ஆக முடியாது. கேல்குலேட்டரின் ∫ பொத்தான் இதைச் சொல்லித் தராது, என்ன கொடுத்தாலும் ஓர் எண்ணைக் காட்டிவிடும்.

கேள்வி 7. y = x³ + x, x அச்சு, x = 1 இவற்றுக்குள் உள்ள பகுதியை y அச்சைச் சுற்றி.

x-ஐ y-ஆல் எழுத முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். யாரும் தேர்வு மண்டபத்தில் அதைச் செய்ய மாட்டார்கள். ஷெல்: 2π∫₀¹ (x⁴ + x²) dx = 16π/15.

கேள்வி 8. கேள்வி 1-இன் பகுதியை x = 4 என்ற கோட்டைச் சுற்றி. ஆரம் இப்போது x இல்லை, 4 − x. மற்றதெல்லாம் கேள்வி 4 போலவே. விடை 45π/2.

இதை பாப்பஸ் தேற்றத்தால் சரிபார்க்கலாம்: கனஅளவு = பரப்பு × பரப்பின் மையம் சுற்றும் தூரம். 3x − x² என்ற உயரம் x = 3/2-இன் இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் மையம் அங்கேதான். கேள்வி 4-க்கு 2π × 3/2 × 9/2 = 27π/2, இதற்கு 2π × 5/2 × 9/2 = 45π/2. பகுதி அச்சைத் தாண்டாத வரை இது செல்லும், கேள்வி 6-இல் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

கேள்வி 9, 10-க்கு விடை கொடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை கொண்டு வரும்போது ஒவ்வொன்றுக்கும் படம் வேண்டும், பட்டை வரைந்திருக்க வேண்டும். படம் இல்லாத தாளை நான் திருத்த மாட்டேன்.