கிழவி 2

சாலிகிராமத்துல எங்க அனிமேஷன் ஸ்டுடியோ, ராத்திரி ரெண்டு மணி, எல்லாரும் கிளம்பிட்டாங்க, நான் மட்டும் லைட் பாக்ஸ் முன்னாடி. ஹீரோ பஸ் ஸ்டாப்புல நிக்கிற ஷாட்டு, நாலு செகண்ட், பின்னாடி ஒரு கிழவி தலையில கூடையோட நடந்து போகணும். எந்த ஃப்ரேமுக்கு எந்தப் படம்னு குறிச்சு வெக்கிற எக்ஸ்போஷர் ஷீட்டுல அவங்க பேரு 'கிழவி 2'. ஒரு படத்துக்கு ரெண்டு ஃப்ரேம்னு 12 படம் வரஞ்சா ரெண்டு அடி நடை வந்துடும், அதையே திருப்பித் திருப்பி ஓட்டிக்கலாம், பேக்ரவுண்டு கேரக்டருக்கு யாரு அதுக்கு மேல மெனக்கெடுவா.

டீ குடிச்சிட்டு வந்து பாத்தா 5ஆம் நம்பர் பேப்பர் ஓரத்துல நீலப் பென்சில்ல கோணல்மாணலா எழுதியிருந்துச்சு.

"கூடையில இன்னா கீது?"

யாரோ விளையாடுறாங்கன்னு ஆபீஸ் முழுக்கத் தேடிப் பாத்தேன், வாட்ச்மேன் அண்ணன் கீழ கேட்டுல தூங்கிட்டு இருந்தாரு. திரும்பி வந்து, என்ன தோணுச்சோ தெரியல, அதுக்குக் கீழயே 'பூ'ன்னு எழுதிட்டு அடுத்த பேப்பரை எடுத்தேன். அதுல ஏற்கனவே பதில் இருந்துச்சு.

"பூவுக்கா இப்டி குனிய வெச்ச? மீனு. காசிமேட்டுலேர்ந்து தூக்கினு வரேன். தலை இப்டி மேல கீழ ஆடுனா மொத்த மீனும் ரோட்டுல தான் கண்ணு. வயசான முதுகு வளையணும்னு யாரு சொன்னா உனுக்கு?"

இடுப்புல கை வெச்ச மாதிரி தான் வரஞ்சிருந்தேன், இப்ப அந்தக் கை விரல் நுனியில நீலம் ஒட்டியிருந்துச்சு. பயமா தான் இருந்துச்சு, ஆனா அதைவிட அவங்க சொன்னது தான் மண்டைக்குள்ள ஓடுச்சு. நான் வரஞ்சது எந்த ஆளுக்கும் பொருந்துற நடை, கால் ஊணி முட்டி மடங்குறப்ப தலை இறங்கும், எழும்புறப்ப ஏறும். தலையில சுமை இருக்கிறவங்க அப்படி நடக்கவே மாட்டாங்க, தலை ஒரே மட்டத்துல போகும், கழுத்து அசையாது, அந்த ஏத்த இறக்கத்தை எல்லாம் இடுப்பும் முட்டியும் வாங்கிக்கும். சின்ன வயசுலேர்ந்து எங்க தெருவுல தினம் பாத்த நடை அது.

12 படத்தையும் கிழிச்சுப் போட்டேன். புதுப் பேப்பர்ல மொதல்ல ஸ்கேல் வெச்சு ஒரு நேர்க்கோடு, தலை அதை விட்டு இறங்கக்கூடாது. முதுகை நிமித்துனேன், கூடைக்கு அடியில துணியைச் சுத்தி சும்மாடு வெச்சேன், ஒரு கை மட்டும் கூடை விளிம்பைத் தொட்டும் தொடாம. விடியுறப்ப பேப்பரை எல்லாம் சேத்து ஃபிளிப் பண்ணிப் பாத்தா, அந்த அம்மா போற போக்குக்கு ஹீரோ மேல கண்ணே போகல.

இதைச் சொல்லி டைரக்டர் கிட்ட திட்டு வாங்கணுமேன்னு எக்ஸ்போஷர் ஷீட்டை எடுத்தேன். 'கிழவி 2' மேல நீலப் பென்சில்ல ஒரு கோடு, பக்கத்துல 'எல்லம்மா'.

ஸ்கேனிங்குக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி 12 பேப்பர் ஓரத்துலயும் அந்தப் பேரை எழுதுனேன், எல்லம்மா 1, எல்லம்மா 2ன்னு.